ஹோட்டல் ரிசப்ஷனிஸ்ட் வேலைக்கு ஜேடி எழுதுறது எப்படி: டெஸ்க்ல உட்கார்ந்து ஆரம்பிங்க

நான் முதல் முதலா எழுதின ரிசப்ஷனிஸ்ட் ஜாப் டிஸ்க்ரிப்ஷன், சுருக்கமா ஜேடி, வேற ஒரு பெரிய ஹோட்டலோடத அப்படியே எடுத்து பேரை மட்டும் மாத்தினது. ஒரு பக்கம், பார்க்க அழகா இருந்துச்சு. மூணு மாசம் கழிச்சு ஒரு நாள் ஷிப்ட் முடியுறப்ப கல்லால பணம் குறைஞ்சுது, அக்கவுண்ட்ஸ்ல இருந்து டெஸ்க்ல இருந்த ரிசப்ஷனிஸ்ட் பொண்ணோட சம்பளத்துல பிடிக்கணும்னு சொன்னாங்க, அந்த பொண்ணு அமைதியா அந்த ஜேடிய எடுத்து என் முன்னாடி வெச்சு "சார், இதுல எங்க இருக்கு காட்டுங்க"ன்னு கேட்டாங்க. பார்த்தா "பணப் பரிவர்த்தனைகளை கையாளுதல்"னு மூணே வார்த்தை. அந்த ஷிப்ட்ல டிராயர்ல கைய வெச்சது மூணு பேர், ஆரம்பத்துல எவ்வளவு இருந்துச்சுன்னு யாரும் எண்ணல. தப்பு அவங்க மேல இல்ல, நான் எழுதின பேப்பர் மேல.

அதனால இங்க சொல்லப்போறது, டெஸ்க்ல சண்டை எங்கெல்லாம் வருதோ அந்த இடங்களுக்கு முன்கூட்டியே பதில் வெச்சிருக்கிற ஜேடிய எப்படி எழுதுறதுன்னுதான். உதாரணத்துக்கு எங்க ஹோட்டலையே எடுத்துக்குவோம்: சிட்டிக்குள்ள 60 ரூம், ஒரு ரெஸ்டாரண்ட், தனியா டெலிபோன் ஆபரேட்டர் கிடையாது, கெஸ்ட்டுக்கு டாக்சி, டிக்கெட்னு ஏற்பாடு பண்ணிக் கொடுக்கிற கன்சியர்ஜ் கிடையாது, காலையிலயும் மதியமும் டெஸ்க்ல ரெண்டு பேர், ராத்திரி ஒருத்தர் மட்டும், கூட ஒரு செக்யூரிட்டி.

முதல்ல மூணு ஷிப்டும் போய் உட்காருங்க

கம்ப்யூட்டரை திறக்காதீங்க. ஒரு நோட்டு எடுத்துக்கிட்டு காலை, மதியம், நைட் மூணு ஷிப்டும் ரிசப்ஷனிஸ்ட் பக்கத்துல உட்கார்ந்து என்ன நடக்குதுன்னு எழுதுங்க. முக்கியமா, ஒரு வேலைக்கு நடுவுல இன்னொரு வேலை வந்து எத்தனை தடவை இழுக்குதுன்னு பாருங்க.

எங்க ஹோட்டல்ல காலை 7 மணியில இருந்து 10 மணி வரைக்கும் செக்-அவுட் கூட்டம். பில் போட்டு முடிச்சப்புறம் ரெஸ்டாரண்ட்ல இருந்து பிரேக்ஃபாஸ்ட் பில் ஒண்ணு வரும், அதுக்குள்ள கெஸ்ட் டாக்சில ஏறிட்டாரு. மதியம் ரூம் ரெடி ஆகல, ஆனா கெஸ்ட் பெட்டியோட லாபில நிக்கிறாரு, ஹவுஸ்கீப்பிங்குக்கு நாலு தடவை போன் போகுது. சாயங்காலம் ரிசர்வேஷன் போன், புக்கிங் இல்லாம நேரா வர்ற வாக்-இன், ஆன்லைன் சைட்ல புக் பண்ணவங்க எல்லாம் ஒரே நேரத்துல. ராத்திரி வேற மாதிரி: லேட்டா வர்றவங்க, வராதவங்களை நோ-ஷோ போடுறது, அன்னிக்கு கணக்கை மூடுற நைட் ஆடிட், விடிகாலை எழுப்பி விடுற கால், 4 மணிக்கு ஏர்போர்ட் கிளம்புறவங்களோட செக்-அவுட்.

பெரிய ஹோட்டல் ஜேடிய காப்பி அடிச்சா என்ன ஆகும்னு இங்கதான் புரியும். அதுல "கெஸ்ட்டை ரூம் வரை அழைத்துச் செல்லணும்"னு ஒரு லைன் இருக்கும். அவங்க டெஸ்க்ல ஒரே நேரத்துல அஞ்சாறு பேர் நிப்பாங்க, ஒருத்தர் போனா பரவால்ல. நம்ம ஹோட்டல்ல ராத்திரி 1 மணிக்கு அந்த லைனை அப்படியே ஃபாலோ பண்ணா கேஷ் டிராயர், சாவி, போன் எல்லாம் ஆள் இல்லாம கிடக்கும். நாங்க அதை "காலை, மதியம் ஷிப்ட்ல பெல் பாய் அழைச்சிட்டு போவாரு, நைட்ல லிஃப்ட் வரைக்கும் வழி சொன்னா போதும், டெஸ்க்கை விட்டு நகரக்கூடாது"ன்னு மாத்தினோம்.

யார் வேலை எங்க முடியுதுன்னு கோடு போடுங்க

இது ஜேடில ஒரு பாராதான் வரும், ஆனா இதுக்குத்தான் அதிகமா பேச வேண்டியிருக்கும். ரூம் க்ளீன் ஆயிடுச்சுன்னு சிஸ்டத்துல யார் மாத்தணும்? எங்க கிட்ட ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் போன்ல சொல்வாரு, ரிசப்ஷனிஸ்ட் மாத்துவாங்க, அப்படி இருந்தப்ப வாரத்துக்கு ஒரு தடவையாவது க்ளீன் ஆகாத ரூமுக்கு கெஸ்ட்டை அனுப்பினோம், கேட்டா ரெண்டு பேரும் அடுத்தவரை கை காட்டுவாங்க. இப்ப சூப்பர்வைசர்தான் மாத்தணும், சிஸ்டத்துல "க்ளீன்"னு வராத ரூமுக்கு ரிசப்ஷனிஸ்ட் சாவி தரக்கூடாது. ஒரு வாக்கியம்தான், சண்டை நின்னுடுச்சு.

அதே மாதிரி, ரிசப்ஷனிஸ்ட் யாருக்கு ரிப்போர்ட் பண்ணணும்ங்கிறதுல பகலுக்கு ஒரு பேர், ராத்திரிக்கு ஒரு பேர் வேணும். பகல்ல ஃப்ரண்ட் ஆபிஸ் மேனேஜர், சரி. ராத்திரி 2 மணிக்கு? டியூட்டி மேனேஜர் வீட்ல தூங்குறாரு, போன் பண்ணலாமா கூடாதான்னு தெரியாமலே பல பேர் தானா ஒரு முடிவெடுத்து மாட்டிக்கிறாங்க. எந்தெந்த விஷயத்துக்கு தூக்கத்துல இருந்து எழுப்பலாம்னு எழுதிடுங்க: போலீஸ் வந்தா, ஃபயர் அலாரம் அடிச்சா, கெஸ்ட்டுக்கு உடம்பு சரியில்லன்னா, புக்கிங் இருக்கிறவருக்கு ரூம் இல்லன்னா.

ஒவ்வொரு வேலையையும் "எது வரைக்கும்"னு சேர்த்து எழுதுங்க

நிறைய ஜேடில வர்ற "கெஸ்ட்டை வரவேற்று செக்-இன் பண்ணணும்"ங்கிற லைனை எடுத்துக்குவோம். இதை படிச்சா புதுசா சேர்ந்தவருக்கு ஒண்ணும் தெரியாது, பழைய ஆளுக்கு புதுசா ஒண்ணும் கிடைக்காது. செக்-இன் எப்ப முடிஞ்சுதுன்னு சொல்லலாம்? நான் இப்படி எழுதுவேன்: சாவி கொடுக்கிறதுக்கு முன்னாடி அடையாள அட்டையை பார்த்து காப்பி எடுத்து, ரெஜிஸ்ட்ரேஷன் கார்டுல கெஸ்ட்டோட கையெழுத்து வாங்கி, கிளம்புற தேதி, வாடகை, பணம் எப்படி கட்டப்போறாரு இந்த மூணையும் வாயால கேட்டு உறுதி பண்ணி, அட்வான்ஸ் வாங்கணும் இல்லன்னா கார்டுல ப்ரீ-ஆத் போடணும். ரூம் நம்பரை சத்தமா சொல்லாம கீ கார்டு கவர்ல எழுதி காட்டணும்.

அந்த கடைசி வாக்கியம் ஏன்னு கேப்பாங்க. லாபில நிக்கிற யாரோ ஒருத்தர் தனியா வந்த கெஸ்ட்டோட ரூம் நம்பரை காதுல வாங்கிக்கக்கூடாது, அவ்வளவுதான். இப்படி காரணம் தெரியாத விதிய பிஸி நேரத்துல முதல்ல விட்டுடுவாங்க, அதனால அரை வரில காரணத்தையும் ஜேடிலயே சேர்த்துடுறது என் பழக்கம்.

ப்ரீ-ஆத் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா செக்-அவுட் லைன் எழுதுறப்ப நிறைய பேர் இதை விட்டுடுறாங்க. ப்ரீ-ஆத்னா பணம் எடுக்கிறது இல்ல, கெஸ்ட் கார்டுல அந்த தொகையை பிடிச்சு வைக்கிறது மட்டும்தான். செக்-அவுட்ல அதே ப்ரீ-ஆத்தை கம்ப்ளீட் பண்ணணும், இல்ல கெஸ்ட் கேஷ் கொடுத்தா அதை ரிலீஸ் பண்ணணும். அவசரத்துல புதுசா ஒரு சேல் போட்டுட்டு பழைய ஹோல்டை அப்படியே விட்டா, கெஸ்ட் பேங்க் ஆப்ல ரெண்டு தொகை தெரியும், ரெண்டு நாள் கழிச்சு போன் வரும், "ரெண்டு தடவை எடுத்துட்டீங்க"ன்னு. அந்த போனை எடுக்கிறது வேற ஷிப்ட் ஆள், அவருக்கு ஒண்ணும் தெரியாது. அதனால செக்-அவுட் லைன்ல "பழைய ப்ரீ-ஆத் முடிக்கப்பட்டதா, விடுவிக்கப்பட்டதான்னு பார்த்து ஃபோலியோ பேலன்ஸை பூஜ்யம் ஆக்கணும்"னு எழுதுங்க. ஃபோலியோங்கிறது கெஸ்ட் பேர்ல ஓடுற கணக்கு, அது பூஜ்யம் ஆனாத்தான் செக்-அவுட் முடிஞ்சுது. இது யாரு வேணா சரிபார்க்கக்கூடிய ஒரு முடிவு. "இனிமையாக வழியனுப்பணும்"னு எழுதினா அதை யாரு எப்படி அளக்கிறது?

ஆன்லைன் சைட் புக்கிங்குக்கும் தனி வரி வேணும். சில புக்கிங்ல பணம் சைட் கிட்டயே கட்டியாச்சு, சிலதுல ஹோட்டல்ல கட்டணும், ரெண்டும் ஸ்கிரீன்ல கிட்டத்தட்ட ஒரே மாதிரி தெரியும். "வந்த மெயில்ல யார் பணம் கட்டணும்னு பார்க்காம கெஸ்ட் கிட்ட வாடகை கேட்கக்கூடாது, சைட் கொடுத்த ரேட்டை கெஸ்ட்டுக்கு பிரிண்ட் போட்டு காட்டக்கூடாது"ன்னு போடுங்க. ரெண்டாவது ஏன்னா, கெஸ்ட் சைட்டுக்கு கட்டினதும் சைட் நமக்கு கொடுக்கிறதும் பல நேரம் வேற வேற தொகை, அதை அவர் பார்த்தா வித்தியாசத்தை நம்ம கிட்ட கேட்பாரு.

பணத்துக்கு தனி பகுதி

இங்க நாலு கேள்விக்கு பதில் இருக்கணும். ஷிப்ட் ஆரம்பத்துல டிராயர்ல எவ்வளவு சில்லறைப் பணம், அதாவது ஃப்ளோட், இருக்கும், அதை யார் யார் சேர்ந்து எண்ணுவாங்க. டிராயரை எத்தனை பேர் தொடலாம். தள்ளுபடியும் ரீஃபண்டும் எவ்வளவு வரைக்கும் யாரையும் கேட்காம கொடுக்கலாம். குறைஞ்சா என்ன நடக்கும்.

எங்க ஹோட்டல்ல அந்த சம்பவத்துக்கு அப்புறம் ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஒரே ஒரு ஆள் பேர்ல டிராயர், இன்னொருத்தர் அவசரத்துக்குக்கூட அதுல கை வைக்கக்கூடாதுன்னு எழுதினோம். ஷிப்ட் மாறுறப்ப போறவரும் வர்றவரும் சேர்ந்து எண்ணி ரெண்டு கையெழுத்து. வித்தியாசம் வந்தா கூடினாலும் குறைஞ்சாலும் அன்னிக்கே எழுதணும், அதை சொந்தப் பணத்துல ஈடுகட்டி மறைக்கிறது தப்புன்னும் எழுதினோம். ஆமா, அப்படி செய்யுறவங்க இருக்காங்க, பயத்துல, அப்புறம் எங்க ஓட்டை இருக்குன்னு மேனேஜருக்கு கடைசி வரைக்கும் தெரியாது. சம்பளத்துல பிடிக்கிறதப் பத்தி மட்டும் உங்க ஊர் தொழிலாளர் சட்டத்தை பார்க்காம ஒரு வரிகூட எழுதாதீங்க, பல இடத்துல அதுக்கு கட்டுப்பாடு இருக்கு.

தள்ளுபடிக்கு வரம்பு எழுதுறது கெஸ்ட்டுக்கும் நல்லது. ஏசி ஓடலன்னு ஒருத்தர் ராத்திரி 11 மணிக்கு கத்துறாரு, ரிசப்ஷனிஸ்ட்டுக்கு எந்த அதிகாரமும் இல்லன்னா "காலையில மேனேஜர் வருவாரு சார்"னு மட்டும்தான் சொல்ல முடியும். நாங்க கொடுத்தது: காலியா ரூம் இருந்தா அதே வகையிலயோ ஒரு படி மேலயோ மாத்திக் கொடுக்கலாம், ஒரு ராத்திரி வாடகையில 10 சதவீதம் வரைக்கும் குறைக்கலாம், காரணத்தை ஃபோலியோல எழுதணும். அதுக்கு மேலன்னா டியூட்டி மேனேஜருக்கு போன்.

சாவி, போன், அந்நியர்

சுருக்கமா மூணு வரி, ஆனா விட்டுடாதீங்க. சாவி தொலைஞ்சுதுன்னு யார் வந்தாலும் அடையாள அட்டையும் ரெஜிஸ்ட்ரேஷன் கார்டுல இருக்கிற பேரும் ஒத்துப்போகாம டூப்ளிகேட் தரக்கூடாது, அவங்க கணவன் மனைவின்னு சொன்னாலும் சரி, கார்டுல அந்த பேர் இல்லன்னா உள்ள இருக்கிறவரை போன்ல கேட்கணும். வெளில இருந்து போன் பண்ணி இன்னார் இங்க தங்கியிருக்காரான்னு கேட்டா, கெஸ்ட் அனுமதி இல்லாம இருக்காருன்னும் சொல்லக்கூடாது, ரூம் நம்பரும் சொல்லக்கூடாது. மாஸ்டர் கீ எடுத்தா ரெஜிஸ்டர்ல நேரமும் கையெழுத்தும்.

ஷிப்டை நம்பர்ல சொல்லுங்க

"ரொட்டேஷனல் ஷிப்ட்"னு மட்டும் எழுதினா சேர்றவர் மாசத்துக்கு ரெண்டு நைட்னு நினைச்சுக்குவாரு. கணக்கு போட்டு பாருங்க, கஷ்டம் இல்ல. ஒரு நாளைக்கு காலை 2, மதியம் 2, நைட் 1, ஆக 5 ஆள்-ஷிப்ட். வாரத்துக்கு 35. ஒருத்தர் வாரத்துல 6 நாள் வேலை செஞ்சா 35ஐ 6ஆல வகுத்தா கிட்டத்தட்ட 5.8, அதாவது லீவே எடுக்காத 6 பேர் வேணும். 30 நாள்ல 30 நைட், 6 பேருக்கு பிரிச்சா ஆளுக்கு 5 நைட். இதை அப்படியே எழுதுங்க: "மாசம் சுமார் 5 நைட் ஷிப்ட், ஆள் குறைஞ்சா 6 ஆகலாம்". ஒருத்தர் வேலைய விட்டுட்டா 5 பேர் 30 ஷிப்ட்தான் பார்க்க முடியும், மீதி 5 ஷிப்ட் ஓவர்டைம்ல போகும், அந்த பேச்சும் இப்பவே முதலாளி கிட்ட வந்துடும், அது இந்தக் கணக்கோட இன்னொரு லாபம்.

ஹேண்டோவருக்கு 20, 30 நிமிஷம் ஆகும், அது ஷிப்டுக்குள்ளயா வெளியயான்னு எழுதுங்க. எங்க கிட்ட முதல்ல வெளிய இருந்துச்சு, அதுக்கு சம்பளம் கிடையாது, அதனால எல்லாரும் மூணு நிமிஷத்துல முடிச்சுட்டு ஓடினாங்க, லாக் புக்ல ஒண்ணும் இருக்காது. உள்ள கொண்டு வந்தப்புறம்தான் புக் நிரம்ப ஆரம்பிச்சுது.

தகுதி: எது கண்டிப்பா வேணும், எது சொல்லிக் கொடுக்கலாம்

இங்க பெரும்பாலான ஜேடி பெருசா கேட்டு மாட்டிக்கும். டிகிரி, ரெண்டு வருஷ அனுபவம், குறிப்பிட்ட ஒரு சாஃப்ட்வேர் தெரிஞ்சிருக்கணும்னு. ஹோட்டல் சாஃப்ட்வேர், அதான் பிஎம்எஸ், ஒண்ணு தெரிஞ்சவங்க இன்னொண்ணை சீக்கிரம் பிடிச்சுக்குவாங்க, ஒண்ணுமே தெரியாதவங்களுக்கும் செக்-இன் செக்-அவுட் மட்டும் சொல்லிக் கொடுக்க முடியும். சொல்லிக் கொடுக்க முடியாதது வேற: நாலு பேர் ஒரே நேரத்துல கேட்டாலும் எழுத்துப் பிழை இல்லாம பேரும் தேதியும் அடிக்கிறது, எண்ணின பணத்தை ரெண்டாவது தடவையும் எண்ணுறது, முடியாதுன்னு சொல்ல வேண்டிய இடத்துல மரியாதையா முடியாதுன்னு சொல்றது.

மொழிக்கு "நல்ல தகவல் தொடர்புத் திறன்"னு எழுதாதீங்க. என்ன வேலையை எந்த மொழியில செய்யணும்னு எழுதுங்க: உள்ளூர் மொழியிலயும் ஆங்கிலத்துலயும் போன்ல புக்கிங் எடுக்கணும், புகார் மெயிலுக்கு ஆங்கிலத்துல நாலு வரி பதில் போடணும். வயசு, கல்யாணம் ஆச்சா, பெண்கள் மட்டும், "அழகான தோற்றம்" இதெல்லாம் தூக்கிடுங்க, பல நாட்டுல சட்டப்படியே தப்பு, அது போக டெஸ்க்ல நடக்கிற எந்த வேலைக்கும் அது தேவை இல்ல. நிக்கணும்னா எவ்வளவு நேரம்னு உண்மைய சொல்லுங்க, அப்புறம் ஏன் ஒரு ஸ்டூல் போடக்கூடாதுன்னும் யோசிங்க.

சேர்த்து எழுதினா இப்படி வரும்

பதவி: ரிசப்ஷனிஸ்ட், ஃப்ரண்ட் ஆபிஸ். ரிப்போர்ட் பண்ண வேண்டியது: பகல்ல ஃப்ரண்ட் ஆபிஸ் மேனேஜர், இரவு 10 முதல் காலை 7 வரை டியூட்டி மேனேஜர், போன்ல.

வேலையோட நோக்கம்: வர்ற ஒவ்வொரு கெஸ்ட்டும் சரியான ரூமுக்கு, சரியான ரேட்ல, சரியான பதிவோட போகணும், கிளம்புறப்ப கணக்கு பூஜ்யத்துல முடியணும், அடுத்த ஷிப்ட் ஆளுக்கு கேள்வி எதுவும் மிஞ்சக்கூடாது.

காலை: அன்னிக்கு கிளம்புறவங்க லிஸ்ட்டை எடுத்து, முடியாத ரெஸ்டாரண்ட் பில் இருக்கான்னு 7 மணிக்குள்ள பார்க்கணும், செக்-அவுட், 11 மணிக்கு மேல கிளம்பாதவங்களுக்கு போன். மதியம்: வர்றவங்களுக்கு ரூம் ஒதுக்கி வைக்கணும், ரூம் ரெடி ஆகலன்னா எத்தனை மணிக்கு கிடைக்கும்னு ஹவுஸ்கீப்பிங்ல கேட்டு நேரத்தோட சொல்லணும், பெட்டியை டோக்கன் போட்டு வாங்கி வைக்கணும். நைட்: வராத புக்கிங்குக்கு ஒரு தடவை போன் பண்ணி, பாலிசிப்படி நோ-ஷோ போடணும், நைட் ஆடிட் ஓட்டுறதுக்கு முன்னாடி கார்டு மெஷின் மொத்தமும் சிஸ்டம் மொத்தமும் ஒத்துப்போகணும், வேக்-அப் கால் லிஸ்ட்.

இதோட மேல பார்த்த செக்-இன், பணம், சாவி வரிகளை அப்படியே சேர்த்தா ஒண்ணரை பக்கம் வரும். ரெண்டு பக்கத்தை தாண்டினா எஸ்ஓபில, அதாவது ஒவ்வொரு வேலையையும் படிப்படியா எப்படி செய்யணும்னு சொல்ற பேப்பர்ல, எழுத வேண்டிய எதையோ இங்க எழுதிட்டீங்கன்னு அர்த்தம், எந்த பட்டனை அழுத்தணும்ங்கிறதெல்லாம் அங்க போகட்டும். "மேலதிகாரி சொல்லும் பிற பணிகள்"னு கடைசில எல்லாரும் போடுற வரியை நானும் போடுவேன், ஆனா "ஃப்ரண்ட் ஆபிஸ் சம்பந்தப்பட்ட"ன்னு சேர்த்துத்தான், இல்லன்னா ஒரு நாள் பாங்க்வெட் ஹால்ல தட்டு அடுக்க அனுப்பிடுவாங்க.

எழுதினதை சோதிக்கிறது

பழைய லாக் புக்கை எடுத்து பிரச்சினையான அஞ்சு சம்பவத்தை குறிச்சுக்கோங்க. ஒவ்வொண்ணுக்கும் இந்த ஜேடில பதில் இருக்கான்னு பாருங்க. நான் செஞ்சப்ப அஞ்சுல மூணுக்குத்தான் இருந்துச்சு. ஓவர்புக்கிங்ல வேற ஹோட்டலுக்கு அனுப்பினா டாக்சி காசு யாருதுன்னு எங்கயும் இல்ல, கெஸ்ட் விட்டுட்டுப் போன பொருளை டெஸ்க் வெச்சுக்கணுமா ஹவுஸ்கீப்பிங் வெச்சுக்கணுமான்னும் இல்ல. அப்புறம் டெஸ்க்ல ரொம்ப நாளா இருக்கிற ஒருத்தர் கிட்டயும், சேர்ந்து ஒரு மாசம் ஆன ஒருத்தர் கிட்டயும் கொடுத்து படிக்க சொல்லுங்க. பழையவர் "இதை நாங்க செய்யுறதே இல்ல"ம்பாரு, புதியவர் "இதுக்கு என்ன அர்த்தம்"ம்பாரு, ரெண்டும் வேணும். ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசரும் அக்கவுண்ட்ஸும் அவங்கவங்க பக்கத்து வரியில சம்மதிச்சு கையெழுத்து போடட்டும்.

வேலைக்கு ஆள் எடுக்கிற விளம்பரத்துல இதை முழுசா போடாதீங்க. நோக்கம், மாசத்துக்கு எத்தனை நைட், கண்டிப்பா வேண்டிய தகுதி, சம்பளம், இந்த நாலு போதும். முழு ஜேடியை இன்டர்வியூவுக்கு வர்றவர் கையில கொடுத்து 10 நிமிஷம் படிக்க விடுங்க, அப்புறம் அவர் என்ன கேள்வி கேட்கிறாருன்னு பாருங்க. டிராயரைப் பத்தியோ நைட் ஷிப்டைப் பத்தியோ கேட்டா, படிச்சிருக்காரு.

கீழ ஒரு மூலையில தேதி போட்டு வைங்க. பிஎம்எஸ் மாறினாலோ, நைட்ல ஆள் கூடினாலோ குறைஞ்சாலோ, அன்னிக்கே அந்த வரிகளை திருத்தி மறுபடி கையெழுத்து வாங்கிடுங்க. எங்க டிராயர்ல இப்ப ஒரு காப்பி லேமினேட் பண்ணி ஒட்டியிருக்கு, சில்லறை எண்ணுற இடத்துக்கு நேர் மேல.